46 பேர் ஒரே அறையைக் கேட்டால்: இணை அமர்வுகளுக்கு ஆள் பிரிக்கும் கணக்கு

ஒருநாள் பயிலரங்குகளில் காலைப் பொது அமர்வு முடிந்ததும் கூட்டத்தை நான்கைந்து அறைகளுக்குப் பிரித்து அனுப்புவது வழக்கம். எந்த அறைக்குப் போக விரும்புகிறீர்கள் என்று முன்பதிவுப் படிவத்திலேயே கேட்டு, முதல் விருப்பம் ஒன்றும் இரண்டாம் விருப்பம் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விருப்பங்களை வாங்குவது எளிது. அவற்றை வைத்துக்கொண்டு ஆள் பிரிப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. பிரிப்பவர் கணக்குப் போடாமல் கைவந்தபடி பிரித்தால், ஓர் அறையில் சுவரோரம் ஆட்கள் நிற்க, அடுத்த அறையில் பாதி நாற்காலிகள் காலியாகக் கிடக்கும்.

எண்களை வைத்துப் பார்த்தால் இது தெளிவாகும். அறிவியல் ஆசிரியர்கள் 96 பேருக்கான ஒரு பயிலரங்கைக் கற்பனை செய்துகொள்வோம். வானியல், மின்சுற்று, காகித மடிப்பு, கணிதப் புதிர் என நான்கு இணை அமர்வுகள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஓர் அறையில் 26 பேருக்கு மேல் உட்கார முடியாது. 20 பேருக்குக் கீழே போனால் குழுச் செயல்பாடு சோபிக்காது. படிவங்களை எண்ணிப் பார்த்தபோது கிடைத்த அட்டவணை இது. இடப்பக்கம் இருப்பது முதல் விருப்பம், மேலே இருப்பது இரண்டாம் விருப்பம்.

| முதல் விருப்பம் | வானியல் | மின்சுற்று | காகிதம் | புதிர் | மொத்தம் |
|---|---|---|---|---|---|
| வானியல் | – | 30 | 12 | 4 | 46 |
| மின்சுற்று | 14 | – | 5 | 7 | 26 |
| காகிதம் | 6 | 5 | – | 3 | 14 |
| புதிர் | 4 | 2 | 4 | – | 10 |

பெரும்பாலானோர் கையாளும் முறை, முதலில் எல்லாருடைய முதல் விருப்பத்தையும் நிறைவேற்றிவிட்டு, இடம் கிடைக்காதவர்களை இரண்டாம் விருப்பத்துக்கு அனுப்புவது. இதில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். வானியல் கேட்ட 46 பேரில் குலுக்கல் முறையில் 26 பேருக்கு இடம் கொடுத்தால் 20 பேர் மிஞ்சுவார்கள். அட்டவணையின் விகிதப்படி அந்த இருபதில் ஏறக்குறைய 13 பேர் மின்சுற்றை இரண்டாவதாக எழுதியவர்களாக இருப்பார்கள். ஆனால் மின்சுற்று அறை, அதை முதலில் கேட்ட 26 பேராலேயே நிரம்பிவிட்டது. மீதி ஏழு பேரில் ஐவர் காகித மடிப்புக்கும் இருவர் புதிருக்கும் போவார்கள். கடைசியில் காகித மடிப்பில் 19 பேர், புதிரில் 12 பேர், கேட்ட இரண்டில் ஒன்றுகூடக் கிடைக்காமல் 13 பேர் நடைவழியில். இந்தக் கட்டத்தில் ஒருங்கிணைப்பாளர் அந்தப் பதின்மூவரையும் புதிர் அறைக்குள் தள்ளிவிட்டு, இதைவிட நல்ல வழி ஒன்றும் இல்லையே என்று நினைத்துக்கொள்வார்.

உண்மையில் இந்த 96 பேரில் ஒவ்வொருவரையும் அவர் கேட்ட இரண்டில் ஒன்றில் உட்கார வைக்க முடியும். அதைக் கண்டுபிடிக்க ஒரு படம் போதும். நான்கு அறைகளையும் நான்கு புள்ளிகளாக வரைந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பங்கேற்பாளரும் தாம் எழுதிய இரண்டு அறைகளை இணைக்கும் ஒரு கோடு. அவர் இப்போது எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாரோ, கோட்டின் அம்புத் தலை அந்தப் புள்ளியை நோக்கி இருக்கும். ஒருவரை இடம் மாற்றுவது என்றால் அவருடைய அம்பைத் திருப்புவது, அவ்வளவுதான். 96 அம்புகளையும், எந்தப் புள்ளிக்கும் 26க்கு மேல் வந்து சேராதபடி திருப்பி வைப்பதே நம் வேலை. மூன்று விருப்பங்கள் கேட்டிருந்தால் இந்த எளிமை போய்விடும். இரண்டோடு நிறுத்தியதால் கிடைத்த வசதி இது.

இனி எல்லாரையும் முதல் விருப்பத்தில் உட்கார வைத்துத் தொடங்குவோம்: 46, 26, 14, 10. வானியலிலிருந்து 20 பேர் வெளியேற வேண்டும். குலுக்கல் போடாமல், யார் நேராகக் காலி நாற்காலிக்குப் போகக்கூடியவர் என்று பார்த்தால், காகிதத்தை இரண்டாவதாக எழுதிய 12 பேரும் புதிரை எழுதிய 4 பேரும் இருக்கிறார்கள். அவர்கள் நகர்ந்ததும் வானியல் 30, காகிதம் 26, புதிர் 14. இன்னும் நான்கு பேர் அதிகம். மீந்திருக்கும் முப்பது பேரின் இரண்டாம் விருப்பமும் மின்சுற்று, அது நிறைந்திருக்கிறது. குலுக்கல் முறை தோற்றது இங்கேதான். ஆனால் மின்சுற்றில் உட்கார்ந்திருப்பவர்களிலேயே ஏழு பேர் புதிரை இரண்டாவதாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைப் புதிருக்கு அனுப்பி, அந்த நாற்காலியில் வானியலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால், வானியலில் ஒன்று குறைகிறது, புதிரில் ஒன்று கூடுகிறது, நடுவிலிருக்கும் மின்சுற்றின் எண்ணிக்கை மாறவே இல்லை. பேருந்து இருக்கையில் ஒருவருக்கு இடம் விட எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்து உட்காருவதைப் போன்றது இது. நான்கு முறை இதைச் செய்தால் 26, 26, 26, 18. புதிருக்குக் குறைந்தது 20 வேண்டும் என்பதால் மின்சுற்றிலிருந்து இன்னும் இருவரை நகர்த்தினால் 26, 24, 26, 20. மொத்தம் நகர்ந்தவர்கள் 26 பேர். எழுபது பேருக்கு முதல் விருப்பமே கிடைத்துவிட்டது. நடைவழியில் ஒருவரும் இல்லை.

நிறைந்த அறையிலிருந்து தொடங்கி, கைமாறிக் கைமாறிக் காலியான அறையில் போய் முடியும் இந்தச் சங்கிலிதான் முறையின் உயிர். 1956இல் கணிதவியலாளர்கள் போர்டும் பல்கர்சனும் வலைப்பின்னல்களில் எவ்வளவு சரக்கை அனுப்ப முடியும் என்று ஆராய்ந்தபோது எழுதிய வழிமுறையின் சிறு வடிவம் இது. எப்போதும் மிகக் குட்டையான சங்கிலியை முதலில் தேட வேண்டும், ஏனென்றால் இரண்டு கண்ணிச் சங்கிலி ஒரு நாற்காலியைக் காப்பாற்ற இருவரை நகர்த்துகிறது. ஏற்கெனவே நகர்த்திய ஒருவரைத் திரும்ப அவருடைய முதல் விருப்பத்துக்கே கொண்டுபோகும் கண்ணியும் சங்கிலியில் வரலாம். அது நகர்வைக் கூட்டாமல் குறைக்கும்.

சங்கிலியே கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? வழிந்து நிற்கும் அறையிலிருந்து அங்கிருப்பவர்களின் மறு விருப்பத்தைப் பிடித்துக்கொண்டு போகக்கூடிய அறைகளையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். அவை எல்லாமே நிறைந்திருந்து, வெளியே போக வழியில்லை என்றால், அந்த அறைகளில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் எழுதிய இரண்டு விருப்பமும் அந்த அறைகளுக்குள்ளேயே அடங்கிவிட்டன என்று பொருள். அப்போது எந்தக் கெட்டிக்காரர் எப்படிப் பிரித்தாலும் பயனில்லை. நம் அட்டவணையில் வானியலையும் மின்சுற்றையும் மட்டும் எழுதியவர்கள் 30, 14 ஆக 44 பேர்; இரண்டு அறைகளிலும் சேர்த்து 52 நாற்காலிகள், எனவே பிழைத்தோம். அந்த 44 என்பது 56 ஆக இருந்திருந்தால் நான்கு பேராவது வெளியே நிற்பது உறுதி. எந்தெந்த அறைகளைச் சேர்த்து எடுத்தாலும், விருப்பம் இரண்டும் அவற்றுக்குள் அடங்கியவர்கள் அவற்றின் நாற்காலிகளைவிட மிகாமல் இருந்தால் போதும், எல்லாரையும் உட்கார வைக்கலாம் என்பதை 1965இல் ஹக்கிமி அம்புக் கோடுகளின் மொழியில் நிறுவினார். அதன் மூலக் கருத்து பிலிப் ஹால் 1935இல் நிறுவிய தேற்றத்தில் இருக்கிறது. ஒருங்கிணைப்பாளருக்கு இதன் பயன் நேரடியானது: முட்டுக்கட்டை எந்த அறைகளில் என்று தெரிந்துவிடுவதால், அங்கே கூடுதல் நாற்காலி போடலாமா, அல்லது அந்தக் குறிப்பிட்ட ஆட்களிடம் மட்டும் மூன்றாவது விருப்பம் கேட்கலாமா என்று முடிவு செய்யலாம்.

எல்லா அறையிலும் சரியாக 24 பேர் இருந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் உண்டு. அது வீண் செலவு என்பதே என் கருத்து. புதிரை முதலாவதாகவோ இரண்டாவதாகவோ எழுதியவர்கள் எல்லாரையும் சேர்த்தாலே 24 பேர்தான். ஆக, அதை எழுதிய ஒருவர்கூட வேறு அறைக்குப் போக முடியாது. கணக்குப் போட்டால் 33 பேரை நகர்த்த வேண்டி வருகிறது. இருபதுக்கும் இருபத்தாறுக்கும் இடையில் என்று சற்று நெகிழ்ந்தால் ஏழு பேர் முதல் விருப்பத்தோடு தப்பிக்கிறார்கள்.

இந்த முறையிலும் ஒரு கறை இருக்கிறது. வானியலை முதலில் எழுதியவர்களில் யார் இடம்பெயர்ந்தார்கள் என்று பாருங்கள். காகிதம் எழுதிய 12 பேரும் புதிர் எழுதிய 4 பேரும் ஒருவர் மிச்சமில்லாமல் போனார்கள். மின்சுற்று எழுதிய 30 பேரில் போனவர்கள் நால்வர் மட்டும். கூட்டமில்லாத அறையை மனதாரக் கேட்டவர் தண்டிக்கப்படுகிறார், கூட்டமுள்ள இரண்டையும் கேட்டவர் காப்பாற்றப்படுகிறார். இது வெளியே தெரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு எல்லாரும் வானியலோடு மின்சுற்றை எழுதுவார்கள். மேலே சொன்ன 44 என்ற எண் 52ஐத் தாண்டிவிடும். இரண்டு இடத்திலும் வானியல் என்றே எழுதும் சாமர்த்தியசாலிகளும் இருப்பார்கள். அவர்களுடைய கோடு ஒரே புள்ளியில் தொடங்கி அதிலேயே முடிவதால் அதைத் திருப்ப வழியே இல்லை. படிவமே அதை ஏற்காதபடி அமைப்பதுதான் தீர்வு.

சுமையைப் பரவலாகப் பங்கிட்டாலோ வேறொரு வழக்கு எழுகிறது. மின்சுற்றுக்கு 12, காகிதத்துக்கு 5, புதிருக்கு 3 என்று வானியலிலிருந்து அனுப்பினால், மின்சுற்றில் இடம் உண்டாக்க அங்கிருந்து 12 பேரை, ஐவரைக் காகிதத்துக்கும் எழுவரைப் புதிருக்கும், கிளப்ப வேண்டும். அறைகளில் 26, 26, 24, 20 என்று அழகாகவே வருகிறது. ஆனால் நகர்ந்தவர்கள் 32 பேர், அவர்களில் 12 பேர் வானியலைக் கேட்டவர்களே அல்லர்.

மாலையில் அதே நான்கு அமர்வுகள் மீண்டும் நடக்குமானால், காலையில் நகர்த்தப்பட்ட 26 பேரின் முதல் விருப்பத்தை முதலில் உறுதிசெய்துவிட்டு மற்றவர்களைப் பிரிப்பதே நல்லது. அவர்களில் 20 பேர் வானியலையும் ஆறு பேர் மின்சுற்றையும் கேட்டவர்கள். அதற்குமுன் இன்னோர் எண்ணிக்கையையும் பார்த்துவிட வேண்டும். வானியலை ஏதாவது ஓரிடத்தில் எழுதியவர்கள் 70 பேர். காலையும் மாலையும் சேர்த்து அந்த அறையில் 52 நாற்காலிகள். காலையில் 26 பேர் பார்த்துவிட்டதால் மாலைக்கு 44 பேர் பாக்கி. எத்தனை சங்கிலி பின்னினாலும் 26 நாற்காலியில் 44 பேர் உட்கார முடியாது. காலையில் 96 பேரும் கூடியிருந்த பொது மண்டபம் மாலையில் சும்மாதான் கிடக்கிறது, வானியலை அங்கே மாற்றிவிடலாம்.