எபிசியோட்டமி: கீறலா, கிழிவா?

தலைப்பிரசவத்துக்காக அம்பாசமுத்திரம் பக்கத்துத் தாய்வீட்டுக்கு வந்து பிள்ளை பெற்ற ஒரு பெண்ணைப் பார்க்கப் போயிருந்தபோது, அவளுடைய அம்மா, “தையல் போட்டுருக்காவ, கிழிஞ்சுதா கீறுனாவளான்னுதான் தெரியல” என்றார். மருத்துவமனைச் சீட்டில் எபிசியோட்டமி என்று எழுதியிருந்தது. அந்த அம்மாவின் ஐயத்துக்கு விடையும் அச்சொல்லிலேயே இருந்தது.

கிரேக்கத்தில் ‘எபிசியோன்’ என்பது பெண்குறியின் முன்மேட்டையும், ‘தோமே’ என்பது வெட்டுதலையும் குறிக்கும். உண்மையில் கத்தரி வைப்பது முன்புறத்தில் அன்று. குழந்தை வெளிவரும் கருவாயின் பின்விளிம்பில் தொடங்கி, மலம் வெளியேறும் எருவாயை விட்டு விலகிப் பெரும்பாலும் சாய்வாக வெட்டுவார்கள். ஆகவே இடத்தைப் பொறுத்தவரை மூலச்சொல்லே பிழையானது. அதை எழுத்துக்கு எழுத்து பெயர்ப்பதைவிடக் ‘கருவாய்க் கீறல்’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கருவாய்க்கும் எருவாய்க்கும் இடைப்பட்ட, பெரினியம் எனப்படும் தசைப்பகுதியை ‘இடைத்தசை’ எனலாம்.

கீறுவதற்கு ஓர் ஆள் வேண்டும். கிழிவது தானாக நேர்வது. கிழிவு தோலோடு நின்றால் முதல்நிலை, இடைத்தசையைத் தொட்டால் இரண்டாம்நிலை, எருவாயைச் சுருக்கிப் பிடிக்கும் தசைவரை போனால் மூன்றாம்நிலை, மலக்குடலின் உட்சவ்வும் பிளந்தால் நான்காம்நிலை. கீறலின் ஆழம் ஏறத்தாழ இரண்டாம்நிலைக் கிழிவுக்குச் சமம். எல்லாருக்கும் வழக்கமாகக் கீறுவதை உலக சுகாதார நிறுவனம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் பரிந்துரைக்கவில்லை.

முதல் பிள்ளைக்காரிகள் 34, 35ஆம் வாரத்திலிருந்து, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, இடைத்தசையை நீவிவிடலாம். நகம் வெட்டிக் கை கழுவி, சாய்ந்து அமர்ந்து, மணமூட்டாத தேங்காயெண்ணெய் தொட்ட கட்டைவிரலைக் கருவாயினுள் 3 சென்டிமீட்டர் அளவு வைத்து, எருவாய்ப் பக்கமாகக் கீழ்நோக்கி, இலேசான எரிவு தெரியும்வரை ஒரு நிமிடம் அழுத்த வேண்டும். பிறகு அந்த அழுத்தத்தோடே பக்கவாட்டில் அரைவட்டமாக இரண்டு மூன்று நிமிடம் நீவ வேண்டும். வாரத்தில் ஒன்றிரண்டு முறை போதும். மேற்புறம் சிறுநீர்த்துளை இருப்பதால் அங்கே அழுத்தலாகாது. நஞ்சுக்கொடி கீழிறங்கியிருந்தாலோ, இரத்தப்போக்கோ புண்ணோ இருந்தாலோ, பனிக்குடம் உடைந்திருந்தாலோ இதைச் செய்யவே கூடாது.

நீவலால் கிழிவே வராது என்று சொல்லிவிட முடியாது. ஆய்வுகளில் தையல் தேவைப்பட்டவர்கள் ஓரளவு குறைந்தார்கள். அதுவும் பெரும்பாலும் கீறல் குறைந்ததால்தான். அந்தப் பெண்ணும் ஒரு மாதம் நீவியவள்தான். குழந்தையின் தலை வாயிலில் தெரிந்த நேரத்தில் இதயத்துடிப்பு இறங்கியதால், பிறப்பை விரைவுபடுத்தக் கீறினார்கள். அதை நீவலால் தடுத்திருக்க முடியாது. சீட்டில் கீறல் மட்டுமே குறித்திருந்ததால் எருவாய்த்தசை தப்பியது என்று அம்மாவிடம் சொன்னேன். இனி வலி நாளுக்கு நாள் கூடினாலோ, தையலில் நாற்றமோ சீழோ வந்தாலோ, காற்றையோ மலத்தையோ அடக்க முடியாமல் போனாலோ அன்றே போய்க் காட்டுங்கள் என்றேன்.