இரண்டு வெப்பநிலை போதுமா? ஒரு நேர்க்கோட்டை எவ்வளவு நம்பலாம்?

பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "கிளர்வு ஆற்றல் கணக்கில் எப்போதும் இரண்டு வெப்பநிலைதான் கொடுக்கிறார்கள். ஆனால் ஆய்வகத்தில் ஐந்தாறு வெப்பநிலையில் அளக்கச் சொல்கிறார்கள். இரண்டே போதும் என்றால் மீதி எதற்கு?"

நல்ல கேள்வி. பதில் சொல்ல நூறு வருடப் பழைய அளவீடு ஒன்று கையில் இருக்கிறது. 1921-ல் அமெரிக்க வேதியியலாளர்கள் ஃபாரிங்டன் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் நைட்ரஜன் பென்டாக்சைடு வாயு தானாகச் சிதைவதை அளந்தார்கள். இரண்டு மூலக்கூறு சிதைந்தால் நான்கு நைட்ரஜன் டைஆக்சைடும் ஓர் ஆக்சிஜனும் வரும். இரண்டு ஐந்தாகிறது என்பதால் மூடிய கண்ணாடிக் குடுவையில் அழுத்தம் ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்தே எவ்வளவு சிதைந்தது என்று சொல்லிவிடலாம். (டைஆக்சைடு மூலக்கூறுகளில் சில இரண்டிரண்டாக ஒட்டிக்கொள்ளும். அதற்கு ஒரு திருத்தம் போட வேண்டும், அவ்வளவுதான்.) இது முதல் வகை வினை, அதாவது எவ்வளவு வாயு எடுத்தாலும் அதில் பாதி தீர ஆகும் நேரம் மாறாது.

அவர்கள் தந்த வேக மாறிலிகள் இவை. கடைசி இரண்டு நிரல்கள் நான் கணக்கிட்டுச் சேர்த்தவை.

```
°C    k (s⁻¹)       1000/T    ln k
 0    7.87×10⁻⁷     3.661    −14.055
25    3.46×10⁻⁵     3.354    −10.272
35    1.35×10⁻⁴     3.245     −8.910
45    4.98×10⁻⁴     3.143     −7.605
55    1.50×10⁻³     3.047     −6.502
65    4.87×10⁻³     2.957     −5.325
```

இரண்டாவது நிரலை அப்படியே பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. நேரமாக மாற்றிப் பார்க்கலாம். 0 டிகிரியில் வாயு பாதியாகக் குறைய 10 நாள் ஆகும். 25-ல் ஐந்தரை மணி நேரம். 65-ல் இரண்டரை நிமிடம்கூட ஆகாது.

25-லிருந்து 35-க்குப் போகும்போது வேகம் ஏறத்தாழ 4 மடங்காகிறது. ஆனால் கெல்வினில் பார்த்தால் வெப்பநிலை 298-லிருந்து 308-க்குத்தான் போயிருக்கிறது, அதாவது வெறும் 3.4 சதவீத உயர்வு. மூலக்கூறுகளின் சராசரி ஆற்றலும் அதே 3.4 சதவீதம்தான் கூடும். அப்புறம் இந்த 4 மடங்கு எங்கிருந்து வந்தது?

சராசரி மூலக்கூறுகள் வினைபுரிவதில்லை என்பதே விடை. ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1889-ல் கரும்புச் சர்க்கரை அமிலத்தில் உடைவதைப் பற்றி எழுதும்போது, எந்த நேரத்திலும் மிகச் சில மூலக்கூறுகள் மட்டுமே வினைக்குத் தயாரான நிலையில் இருக்கின்றன என்றார். தயாராகத் தேவைப்படும் கூடுதல் ஆற்றல்தான் கிளர்வு ஆற்றல், Ea. அவ்வளவு ஆற்றல் பெற்ற மூலக்கூறுகளின் பங்கு e^(−Ea/RT) என்று வரும். நம் வாயுவுக்கு 25 டிகிரியில் இந்தப் பங்கு ஏறத்தாழ 10¹⁸-ல் ஒன்று. ஒரு கூட்டத்தின் கடைக்கோடியில் நிற்பவர்களை மட்டும் எண்ணுகிறோம். சராசரி கொஞ்சம் நகர்ந்தாலும் கடைக்கோடியின் எண்ணிக்கை தாறுமாறாக மாறும். அடுக்கில் இருக்கும் Ea/RT என்ற எண் இங்கே 41.5. அதில் 3.4 சதவீதம் குறைந்தால் ஏறத்தாழ 1.4 குறையும். e-ஐ 1.4 அடுக்குக்கு உயர்த்திப் பாருங்கள், நான்கு வந்துவிடும்.

சரி, இப்போது மடக்கை. அர்ரீனியஸ் சமன்பாடு இது:

```
k = A · e^(−Ea/RT)
ln k = ln A − (Ea/R) · (1/T)
```

இரண்டாவது வரியில் எனக்குப் பிடித்தது ஒன்று இருக்கிறது. முதல் வரியில் A-யும் Ea-வும் பெருக்கலில் பின்னிக்கிடக்கின்றன. இயல் மடக்கை எடுத்ததும் பெருக்கல் கூட்டலாகி, இரண்டும் தனித்தனியே வந்து நிற்கின்றன. கிடை அச்சில் 1/T, நேர் அச்சில் ln k வைத்தால் நேர்க்கோடு. அதன் சாய்வு −Ea/R. இரண்டு வெப்பநிலைக்கு இந்த வரியை எழுதிக் கழித்தால் ln A காணாமல் போய்விடும்:

```
ln(k₂/k₁) = (Ea/R) · (1/T₁ − 1/T₂)
```

இடப்பக்கம் இருப்பது விகிதம் மட்டுமே. ஆகவே k-யின் அலகு எதுவாக இருந்தாலும் கவலையில்லை. சொல்லப்போனால் k-யே தேவையில்லை. ஒரே அளவு கரைசலை எடுத்து, ஒரே அளவு வினை நடக்க ஒவ்வொரு வெப்பநிலையிலும் எத்தனை வினாடி ஆனது என்று குறித்தால் போதும். அந்த நேரங்களின் விகிதத்தைத் தலைகீழாக்கினால் k₂/k₁ கிடைத்துவிடும். தயோசல்பேட்டில் அமிலம் ஊற்றி, அடியில் வரைந்த பெருக்கல் குறி மறையும் நேரத்தைக் குறிக்கும் பள்ளிச் சோதனை இதை நம்பித்தான் நடக்கிறது.

25, 35 டிகிரி மதிப்புகளைப் போடுவோம். k விகிதம் 3.90, அதன் ln 1.361. T-யைக் கெல்வினில் எடுத்தால் 1/T₁ − 1/T₂ = 1.088×10⁻⁴. R = 8.314. பெருக்கி வகுத்தால் 104 கிலோஜூல்/மோல். தேர்வில் இங்கே நிறுத்தி முழு மதிப்பெண் வாங்கலாம். (10 அடி மடக்கை அட்டவணை வைத்திருப்பவர்கள் 2.303 பெருக்க மறந்தால் விடை பாதிக்கும் கீழே போய்விடும். மறக்க வேண்டாம்.)

ஆனால் வேறு ஜோடி எடுத்தால்? 45, 55 டிகிரியை எடுங்கள்: 96 வருகிறது. 55, 65 எடுங்கள்: 109. ஒரே வாயு, ஒரே ஆய்வாளர்கள், ஒரே குடுவை. விடை மட்டும் 13 கிலோஜூல் ஆடுகிறது. வாசகியின் கேள்விக்குப் பதில் இந்த ஆட்டத்தில்தான் இருக்கிறது.

ஆறு புள்ளிகளையும் வரைபடத்தாளில் குறித்து அவற்றுக்கு மிகப் பொருத்தமான கோட்டைப் போட்டால் சாய்வு −12,390 கெல்வின். 8.314-ஆல் பெருக்கினால் Ea 103 கிலோஜூல். இப்போது புள்ளிகள் கோட்டிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று பாருங்கள். நான்கு புள்ளிகள் ஏறத்தாழ கோட்டின் மேலேயே இருக்கின்றன. 45-ன் புள்ளி 0.04 மேலே நிற்கிறது, 55-ன் புள்ளி 0.04 கீழே. ln அளவில் 0.04 என்றால் k-யில் 4 சதவீதம். வெப்பமானி டிகிரியில் மூன்றில் ஒரு பங்கு தவறினாலே இவ்வளவு வரும். காரணம் அதுதான் என்று நான் சொல்லவில்லை, எவ்வளவு சின்ன பிழை போதும் என்று சொல்கிறேன். மேலே நிற்பதிலிருந்து கீழே நிற்பதற்குக் கோடு போட்டால் சாய்வு குறைகிறது, 96. அதே கீழ்ப்புள்ளியிலிருந்து அடுத்ததற்குப் போட்டால் சாய்வு கூடுகிறது, 109. இரண்டு தவறான விடைக்கும் 55 டிகிரிப் புள்ளிக்குப் பங்குண்டு. இரண்டு புள்ளி மட்டும் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் இரண்டு புள்ளி வழியாக எப்போதும் ஒரு கோடு கச்சிதமாகப் போகும்.

இனி முதல் வரிசையையும் கடைசி வரிசையையும் மட்டும் எடுங்கள். 0-வும் 65-ம். ln வேறுபாடு 8.73. விடை 103.1 கிலோஜூல், ஆறு புள்ளிக் கோட்டின் விடையேதான். அதே 4 சதவீதப் பிழை இந்த இரண்டில் ஒன்றில் இருந்தாலும் 8.73-ல் 0.04 ஒரு பொருட்டில்லை. 45, 55 ஜோடியின் ln வேறுபாடான 1.10-ல் 0.04 பெரிய விஷயம். ஆக, இரண்டு வெப்பநிலை போதும், அவை தூரமாக இருந்தால். இடையில் கோடு வளையவில்லை என்று முன்பே தெரிந்தும் இருக்க வேண்டும். அது தெரிவதற்குத்தான் மீதி நான்கு. நொதிகள் பங்கேற்கும் வினைகளில் சூடு ஏற ஏற நொதியே குலைந்து கோடு கவிழ்ந்துவிடும். அங்கே இரு கோடியை மட்டும் எடுத்தால் வரும் எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

"10 டிகிரிக்கு வேகம் இரட்டிப்பாகும்" என்ற வாய்ப்பாட்டையும் இதே கணக்கில் போட்டுப் பார்க்கலாம். 25-லிருந்து 35-க்கு ln 2 என்று வைத்தால் Ea 53 கிலோஜூல். அந்த ஆற்றல் உள்ள வினைகளுக்கு, அந்த வெப்பநிலைக்கு அருகில் மட்டும் அது உண்மை. நம் வாயுவுக்கு நான்கு மடங்கு. இருந்தும் இந்த வாய்ப்பாடு இயற்கை விதி போலப் பள்ளிகளில் ஓதப்படுகிறது. சகுனம் பார்ப்பதைக் கேலி செய்யும் ஆசிரியர்களே இதைச் சரிபார்க்காமல் சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு ஆதங்கம். பழைய மாறிலிகளைத் திரும்ப அளக்க எளிதில் நிதி கிடைப்பதில்லை என்பது இன்னொன்று. புதியது எதுவும் இல்லையே என்பார்கள். கவனமாக அளந்த ஆறு எண்கள் நூறு வருடம் கழித்தும் எவ்வளவு சொல்கின்றன பாருங்கள்.

A-யையும் கோடு தருகிறது, ஆனால் அங்கே அடக்கி வாசிக்க வேண்டும். 1/T பூச்சியமாகும் இடத்தில் கோடு நேர் அச்சை வெட்டும் மதிப்பே ln A. நம் புள்ளிகளோ 1000/T அளவில் 2.9-க்கும் 3.7-க்கும் நடுவில் கூட்டமாக இருக்கின்றன. அங்கிருந்து பூச்சியம் வரை கோட்டை நீட்டுகிறோம். வருவது வினாடிக்கு 4×10¹³ போல. பிணைப்புகள் அதிரும் வேகமும் ஏறத்தாழ இந்த அளவுதான் என்பதால் நம்பும்படியே இருக்கிறது. ஆனால் Ea-யில் 5 கிலோஜூல் பிசகினால் A ஏழு மடங்குக்கு மேல் மாறிவிடும். சாய்வைச் சொல்லும் உறுதியோடு இதைச் சொல்ல முடியாது.

கோடு இவ்வளவு நேராக இருப்பதால் வினை ஒரே தாவலில் நடக்கிறது என்று எண்ணிவிடவும் கூடாது. 1947-ல் ரிச்சர்டு ஆக் என்பவர் இந்தச் சிதைவு பல படிகளில் நடப்பதாக விளக்கினார். பென்டாக்சைடு முதலில் டைஆக்சைடாகவும் டிரைஆக்சைடாகவும் பிரியும். பெரும்பாலும் அவை உடனே திரும்பச் சேர்ந்துவிடும். எப்போதாவது ஒருமுறை மட்டுமே அடுத்த படிக்குப் போகும். நாம் அளக்கும் k இந்தப் படிகளின் மாறிலிகளைப் பெருக்கி வகுத்து வருவது. ஒவ்வொன்றும் e-யின் அடுக்கு. ln எடுத்தால் அடுக்குகள் கூடும், கழியும், கோடு நேராகவே இருக்கும். ஆகவே 103 கிலோஜூல் என்பது தனி ஒரு படியின் தடையல்ல. பிரிவதற்கான ஆற்றலும், அதன் மேல் மெதுவான படிக்கு வேண்டிய கொஞ்சமும் சேர்ந்த தொகை. அதைப் பிரித்துச் சொல்ல வரைபடத்தாள் உதவாது. டிரைஆக்சைடைத் தனியாகப் பிடித்து, அதன் வேகங்களைத் தனியாக அளக்க வேண்டும்.