லூப்புக்குள் ஒரு கூட்டல் குறி: நீளும் சரத்தின் மறைவான செலவு

சில ஆண்டுகளுக்கு முன் என் பொறுப்பில் வந்த ஒரு நிரலில், மாத அறிக்கையைச் சிஎஸ்வி கோப்பாக இறக்கித் தரும் பகுதி ஒன்று இருந்தது. அதை எழுதியவர் 500 வரிகளை வைத்துச் சோதித்திருந்தார். பொத்தானை அழுத்திய மறுகணமே கோப்பு வந்துவிடும். தரவு வளர வளர அதே பொத்தான் சில நொடிகள் யோசிக்கத் தொடங்கியது. வரிகள் 50,000-ஐத் தொட்ட மாதத்தில் கோப்பு வரவே இல்லை. காத்திருப்பு நேரம் முடிந்துவிட்டது என்ற பிழைச் செய்திதான் வந்தது. முதலில் எல்லோரும் டேட்டாபேஸைத்தான் சந்தேகித்தோம். வினவலைத் தனியே ஓட்டிப் பார்த்தபோது அது இரண்டு நொடிக்குள் முடிந்தது. பிறகு சர்வருக்கு நினைவகத்தைக் கூட்டினோம். அதனாலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. குற்றம் இருந்த இடம் இதுதான்:

```java
String out = "";
for (Row r : rows) {
    out += r.toLine() + "\n";
}
```

இந்த வரிகளில் பிழை எதுவும் இல்லை என்பதுதான் இதன் ஆபத்து. விடை சரியாக வருகிறது, சோதனைகள் தேறுகின்றன, படிப்பதற்கும் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஜாவாவில் ஒரு சரத்தை உருவாக்கிய பின் அதை மாற்ற இயலாது. ஆகவே `out += ...` என்பது இருக்கும் சரத்தின் வாலில் புதிய துண்டை ஒட்டும் வேலையாக இருக்க முடியாது. பழைய சரமும் புதிய வரியும் சேர்ந்து கொள்ளும் அளவுக்கு நினைவகத்தில் புதிய இடம் ஒதுக்கப்படுகிறது. பழைய எழுத்துகள் அனைத்தும் முதலிலிருந்து அங்கே நகலெடுக்கப்படுகின்றன. அவற்றின் பின்னால் புதிய வரி எழுதப்படுகிறது. `out` என்ற பெயர் இந்தப் புதிய சரத்தைக் குறிக்கத் தொடங்குகிறது. பழையது கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஒரு வரி சேர்ப்பதற்காக நோட்டுப் புத்தகம் முழுவதையும் புதிய நோட்டில் எழுதிவிட்டுப் பழையதை எறிவதைப் போன்றது இது, அதுவும் ஒவ்வொரு வரிக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் அளவு புரியும். ஒரு வரிக்கு 100 எழுத்துகள் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றில் 100 எழுத்துகள் எழுதப்படுகின்றன. இரண்டாவது சுற்றில் 200. பத்தாயிரமாவது சுற்றில், சேர்ப்பது என்னவோ அதே 100 எழுத்துகள்தான் என்றாலும், எழுதப்படுவது 10 லட்சம். 500 வரிகளுக்கு மொத்தம் சுமார் 1.25 கோடி எழுத்துகள் நகலாகின்றன. இன்றைய கணினிக்கு அது கண் இமைக்கும் நேரத்து வேலை, ஆகவே சோதனையில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. 50,000 வரிகளுக்கு அதே கணக்கு சுமார் 12,500 கோடி எழுத்துகளைத் தருகிறது. வரிகள் நூறு மடங்கு கூடியபோது வேலை பத்தாயிரம் மடங்கு கூடியிருக்கிறது. இத்தனைக்கும் இறுதியில் நமக்குக் கிடைக்கும் சரத்தில் இருப்பவை 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே.

எங்கள் அறிக்கையில் பெயர்களும் ஊர்களும் தமிழில் இருந்தன. அது சுமையை இன்னும் கூட்டியது. ஜாவா 9 முதல், ஒரு சரத்தின் எழுத்துகள் அனைத்தும் லத்தீன்-1 தொகுதிக்குள் அடங்கினால் எழுத்துக்கு ஒரு பைட் வீதம் சேமிக்கப்படுகின்றன. அந்தத் தொகுதிக்கு வெளியே உள்ள ஓர் எழுத்து உள்ளே நுழைந்தாலும் முழுச் சரமும் எழுத்துக்கு இரண்டு பைட் என்று மாறிவிடும். அப்படிப் பார்த்தால் மேற்சொன்ன 12,500 கோடி எழுத்துகள் என்பவை 25,000 கோடி பைட்டுகள், அதாவது ஏறத்தாழ 250 ஜிபி. 10 எம்பி அளவுள்ள ஒரு கோப்பைத் தருவதற்காக நினைவகத்துக்குள்ளேயே 250 ஜிபி இடம்பெயர்ந்திருக்கிறது.

நகலெடுக்கும் நேரத்தோடு செலவு முடிவதும் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் கைவிடப்படும் பழைய சரத்தைக் கார்பேஜ் கலெக்டர் அகற்ற வேண்டும். ஜாவா 9 முதல் பெரும்பாலான சர்வர்களில் இயல்பாக இயங்கும் G1 கலெக்டர், ஹீப் நினைவகத்தைச் சம அளவுள்ள பகுதிகளாகப் பிரித்துக்கொள்கிறது. 2 ஜிபி ஹீப் என்றால் ஒரு பகுதி வழக்கமாக 1 எம்பி. ஒரு பகுதியில் பாதிக்கு மேல் பெரிதான எந்தப் பொருளையும் அது பேருருவாகக் கருதி, அடுத்தடுத்த முழுப் பகுதிகளை அதற்கென்றே ஒதுக்குகிறது. வரிக்கு 200 பைட் என்ற எங்கள் கணக்கில், ஏறத்தாழ 2,600 வரிகளைக் கடந்ததுமே சரம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் நாற்பத்தேழாயிரத்துச் சொச்சம் சுற்றுகளில் ஒவ்வொன்றும் ஒரு பேருருவ ஒதுக்கீடு. நினைவகத்தைக் கூட்டியும் பயன் இல்லாமல் போனதற்குக் காரணம் இப்போது விளங்கும்: இடம் போதாமை எங்கள் சிக்கல் அன்று, தேவையற்ற நகல்தான் சிக்கல்.

இந்த இடத்தில் பலர் ஒரு மறுப்பைச் சொல்வார்கள், நானும் வெகுகாலம் அதை நம்பியிருக்கிறேன்: "கூட்டல் குறியைக் கம்பைலரே `StringBuilder`-ஆக மாற்றிவிடுமே, பிறகென்ன?" மாற்றியது உண்மைதான். ஆனால் எங்கே வைத்து மாற்றியது என்பதைப் பார்க்க வேண்டும். ஜாவா 8 வரை, மேலே உள்ள வரியைக் கம்பைலர் ஏறத்தாழ இப்படி ஆக்கியது:

```java
out = new StringBuilder()
        .append(out).append(r.toLine()).append("\n")
        .toString();
```

இது லூப்புக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் புதிய பில்டர் பிறக்கிறது, அதற்குள் பழைய சரம் முழுவதும் குறைந்தது ஒரு முறை நகலாகிறது, `toString()` மீண்டும் ஒரு முறை நகலெடுக்கிறது. ஜாவா 9 இந்த முறையை மாற்றியது. இணைக்கும் வேலை ஓடும் நேரத்தில் முடிவாகிறது, தேவையான நீளம் முன்னரே கணக்கிடப்படுகிறது, ஆகவே நகல் ஒரு முறையோடு நிற்கிறது. நல்ல முன்னேற்றம்தான், எனினும் சுற்றுக்கு ஒரு முழு நகல் என்பது அப்படியேதான் இருக்கிறது. கம்பைலர் ஒரு கூற்றுக்குள் இருக்கும் கூட்டல்களை ஒன்றாக்கித் தரும், சுற்றுகளைக் கடந்து வாழும் ஒரு பில்டரை லூப்புக்கு வெளியே நிறுவித் தராது. அதை நாம்தான் செய்ய வேண்டும்:

```java
StringBuilder sb = new StringBuilder();
for (Row r : rows) {
    sb.append(r.toLine()).append('\n');
}
String out = sb.toString();
```

பில்டருக்குள்ளும் ஒரு நினைவகத் தொகுப்பு உண்டு. அதுவும் நிறைந்துபோகும், அப்போது அதிலும் நகல் நடக்கும். ஆனால் இடம் போதாதபோது அது ஒரு வரிக்குத் தேவையானதை மட்டும் கூட்டுவதில்லை, தன் கொள்ளளவை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. ஆகவே 50 லட்சம் எழுத்துகளை எட்டுவதற்குள் அது இடம் மாறுவது இருபது முறைக்குள் அடங்கிவிடுகிறது. எழுதுவது, இடம் மாற்றுவது, இறுதியில் `toString()` எடுக்கும் நகல் எல்லாவற்றையும் சேர்த்தாலும் இரண்டு கோடி எழுத்துகளைச் சுற்றித்தான் வரும். 12,500 கோடி எங்கே, இரண்டு கோடி எங்கே.

இருப்பினும் பில்டருக்கு மாறியவுடன் கவனத்தைத் தளர்த்திவிடக் கூடாது. லூப்புக்குள் நீளத்தைச் சரிபார்ப்பதற்காக `sb.toString().length()` என்று எழுதியிருந்ததை நான் ஒரு முறை மதிப்பாய்வில் கண்டேன். அந்த ஒரே அழைப்பு ஒவ்வொரு சுற்றிலும் முழுச் சரத்தையும் நகலெடுத்து, விரட்டிய செலவைப் பின்வாசல் வழியாக அழைத்து வந்துவிடுகிறது. `sb.length()` என்பதே போதுமானது. `sb.insert(0, ...)` என்று முன்புறத்தில் சேர்ப்பதும் அவ்வாறே, ஏனெனில் ஏற்கெனவே உள்ள எழுத்துகள் அனைத்தும் ஒவ்வொரு முறையும் பின்னுக்குத் தள்ளப்பட வேண்டும்.

எங்கள் நிரலில் நான் பில்டரோடு நிற்கவில்லை. அந்தச் சரம் கோப்பாகப் போவதைத் தவிர வேறு எதற்கும் பயன்படவில்லை என்பதால், அதை முழுமையாக நினைவகத்தில் கட்டி வைப்பதற்கே நியாயம் இல்லை. ஒவ்வொரு வரியையும் `BufferedWriter` வழியாக நேரே வெளியே எழுதும்படி மாற்றினேன். இறுதிச் சரம் என்று ஒன்று இல்லாமலே போயிற்று, கோப்பு சில நொடிகளில் இறங்கியது. போய்ச் சேரும் இடம் கோப்போ நெட்வொர்க்கோ எனில், என் முதல் தேர்வு இன்றும் இதுவே.

இந்த நோயைக் கண்டறிவது கடினம் அன்று. தரவை இரட்டிப்பாக்கி நேரத்தை அளந்து பாருங்கள். 10,000 வரிகளுக்கு ஆன நேரம் 20,000 வரிகளுக்கு இரு மடங்கானால் கவலை இல்லை; நான்கு மடங்கை நெருங்கினால் எங்கோ ஒரு முழு நகல் லூப்புக்குள் ஒளிந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் அளக்க இயலாதபோது, `jstack` கொண்டு ஐந்து நொடி இடைவெளியில் மூன்று த்ரெட் டம்ப் எடுங்கள். எங்கள் வழக்கில் மூன்றும் அதே `out +=` வரியைக் காட்டின. டேட்டாபேஸின் மீதிருந்த பழி அத்தோடு நீங்கியது. ப்ரொஃபைலரில் நேரத்தின் பெரும்பகுதி `System.arraycopy` அல்லது `Arrays.copyOf` என்ற பெயரில் குவிந்திருப்பதும், `-Xlog:gc` பதிவில் `G1 Humongous Allocation` என்ற காரணம் திரும்பத் திரும்ப வருவதும் அதே செய்தியைச் சொல்பவை.

கூட்டல் குறியையே விலக்கி வைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. `first + " " + last` என்பதை மூன்று `append` அழைப்புகளாக மாற்றி எழுதுபவர்களைப் பார்க்கிறேன். அதில் பயன் எதுவும் இல்லை, படிப்பது மட்டும் கடினமாகிறது. லூப்புக்குள்ளேயே இருந்தாலும், அந்தச் சுற்றிலேயே பிறந்து முடியும் சிறு சரத்துக்குக் கூட்டல் குறி தீங்கு செய்வதில்லை. எங்கள் நிரலில் `r.toLine()` என்பதற்குள் ஏழெட்டுக் கூட்டல்கள் இருந்தன, அவற்றை நான் தொடவே இல்லை. பார்க்க வேண்டியது ஒன்றுதான்: கூட்டலின் இடப்புறம் இருக்கும் சரம் முந்தைய சுற்றிலிருந்து வந்து, அடுத்த சுற்றுக்கும் வளர்ந்து போகிறதா என்பது.

பிற மொழிகளிலிருந்து வருபவர்களுக்கும் ஒரு சொல். பைத்தானில் இதே தவற்றைச் செய்தும் நிரல் வேகமாக ஓடுவதைக் கண்டு சிலர் குழம்புகிறார்கள். சரத்தை வேறு யாரும் பிடித்திருக்காதபோது, சிபைத்தான் அதை இருந்த இடத்திலேயே நீட்டிப் பார்க்கிறது. அந்தச் சலுகை `text += line` என்ற உள்ளூர் மாறிக்குக் கிடைக்கும். அதையே ஒரு கிளாஸுக்குள் கொண்டுபோய் `self.text += line` என்று எழுதினால் கிடைக்காது. உருப்படிகளை ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, இறுதியில் `"".join(parts)` என்று ஒரே முறையில் இணைப்பது இரண்டு இடங்களிலும் ஒரே வேகத்தில் ஓடும்.