களியை விட்ட நாலாம் நாள் தலைவலி

பாலக்கோடு பக்கம் தக்காளி போடும் என் மச்சான், சித்திரை வெயிலில் மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறையைத் தொடங்கினார். களி, சோறு, சர்க்கரை மூன்றையும் நிறுத்திவிட்டு முட்டை, கறி, காய் என்று மாறினார். நாலாம் நாள் தலைவலி. குனிந்து எழுந்தால் கண் இருட்டியது. ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடித்துக்கொண்டது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து குடம் குடமாகக் குடித்தார். தலைவலி இன்னும் ஏறியது.

அவருக்குக் குறைந்தது தண்ணீர் மட்டுமல்ல, உப்பும்தான். மாவுச்சத்து குறைந்தால் ரத்தத்தில் இன்சுலின் இறங்கும். சிறுநீரகம் சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள இன்சுலினும் ஒரு காரணம். அது இறங்கியதும் சோடியம் சிறுநீரில் போகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. முதல் வாரம் குறையும் எடையில் பெரும்பங்கு இந்தத் தண்ணீர்தான். ரத்தத்தின் கொள்ளளவு சுருங்குவதால் எழும்போது தலை சுற்றுகிறது. வெறும் தண்ணீர் குடித்தால் மிச்சமிருக்கும் சோடியமும் நீர்த்துப்போகும்.

சதைப்பிடிப்புக்கும் வேர் இங்கேயே இருக்கலாம். சோடியம் குறைவதைக் கண்ட உடல் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அது சோடியத்தை மீட்கும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளும். அதனால்தான் பொட்டாசியம் மாத்திரையைத் தேடும் முன் உப்பைச் சரிசெய்ய வேண்டும் என்கிறேன். களியோடு போனதையும் கணக்கில் எடுங்கள்: கேழ்வரகில் மெக்னீசியம் நிறைய உண்டு, களிக்குத் தொட்டுக்கொண்ட கீரைக் குழம்பில் உப்பும் பொட்டாசியமும் இருந்தன.

மச்சான் காலையில் ஒரு சொம்பு மோரிலும் மாலையில் எலும்பு சூப்பிலுமாக, வழக்கத்துக்கு மேல் அரை டீஸ்பூன் உப்பைப் பிரித்துச் சேர்த்தார். அது சுமார் 3 கிராம் உப்பு, அதில் சோடியம் ஏறத்தாழ 1,200 மில்லிகிராம். சூப் குடித்து ஒரு மணி நேரத்தில் தலை லேசானது. அப்படித் தெளிந்தால் உப்புக்குறை என்று ஊகிக்கலாம். தெளியாவிட்டால், சர்க்கரையோடு சேர்த்துக் காபி, டீயையும் விட்டீர்களா என்று பாருங்கள். அந்தத் தலைவலி வேறு.

பொட்டாசியத்துக்கு முருங்கைக்கீரை, அரைக்கீரை, தயிர் போதும் என்று விட்டோம். மெக்னீசியம் மாத்திரையில் சிட்ரேட் வகை ஆக்சைடைவிட நன்றாக உடலில் சேரும். அளவு மீறினால் வயிற்றுப்போக்கு. ஆனால் வயதானவர்களின் ராத்திரி சதைப்பிடிப்பில் ஆய்வுகள் இதற்குப் பெரிய பலன் காட்டவில்லை, அதனால் கடைசியில்தான் வாங்கினோம்.

மச்சானைப் பார்த்து மாமாவும் தொடங்கப் பார்த்தார், நான் தடுத்தேன். அவர் பிரஷருக்கு டெல்மிசார்டான் சாப்பிடுகிறார். அந்த மருந்து உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும். 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருக்கும். இரண்டும் சேர்ந்து பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கும் இதே ஆபத்து. பிரஷர் உள்ளவர் சாதா உப்பையும் டாக்டரிடம் கேட்காமல் கூட்டக்கூடாது. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மாவுச்சத்தைக் குறைக்கும் முன்பே மருந்தின் அளவைக் கேட்டு மாற்ற வேண்டும், இல்லையென்றால் ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.