நிரப்பு நிறம்: ‘காம்ப்ளிமென்டரி’ என்ற சொல்லும் அன்றாட உடையும்

ஆடைத் தேர்வைப் பற்றிய பேச்சில் ‘காம்ப்ளிமென்டரி கலர்’ என்ற தொடர் அடிக்கடி அடிபடுகிறது. பலரும் இதை ‘ஒன்றுக்கொன்று பொருந்தும் நிறம்’ என்ற பொதுப்பொருளில் வழங்குகிறார்கள். ஆனால் இது ஒரு துல்லியமான உறவைக் குறிக்கும் கலைச்சொல். நிறங்களை வட்டமாக அடுக்கிக் காட்டும் வண்ணச் சக்கரத்தில் ஒரு நிறத்துக்கு நேர் எதிரே, மையத்தின் மறுபுறம் இருக்கும் நிறம்தான் அதன் காம்ப்ளிமென்டரி நிறம். ஏறக்குறைய அதே ஒலியில் பாராட்டு என்ற பொருள்தரும் வேறோர் ஆங்கிலச் சொல்லும் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

‘நிரப்புதல்’ என்ற பொருளுடைய லத்தீன் வினையே இச்சொல்லின் வேர். நிறமாலையின் இரு முனைகளையும் வளைத்து இணைத்து ஒரு வட்டமாக்கிய படத்தை நியூட்டன் 1704-இல் வெளியான தம் ஒளியியல் நூலில் தந்திருந்தார். 1790-களில் நிழல்களில் தோன்றும் நிறங்களை ஆராய்ந்த ரம்ஃபோர்டு பிரபு என்ற அறிவியலாளர், ஒவ்வொரு நிறத்துக்கும் அதை நிரப்பும் துணை நிறம் ஒன்று உண்டு என்று எழுதி, இச்சொல்லை நிறங்களின் பக்கம் கொண்டுவந்தார். நிரப்பப்படுவது வெண்மை. அத்தகைய இரண்டு நிற ஒளிகளைச் சரியான அளவில் கலந்தால் வெள்ளொளி கிடைக்கும். அதாவது ஒன்றில் இல்லாததை மற்றொன்று இட்டு நிரப்புகிறது.

ஆகவே தமிழில் ‘நிரப்பு நிறம்’ என்பதே சரியான இணைச்சொல். இரண்டு சேர்ந்து 90 பாகை ஆகும் கோணங்களை நம் கணக்குப் பாடநூல்கள் ‘நிரப்புக் கோணங்கள்’ என்று அழைப்பதும் இதே பொருளில்தான். ‘எதிர்நிறம்’ என்ற வழக்கும் உண்டு. சக்கரத்தில் இடத்தைக் காட்ட அது போதும் என்றாலும், இரண்டும் ஒன்றை ஒன்று விலக்கும் என்ற தவறான எண்ணத்தையும் அது தந்துவிடுகிறது. சிலர் எழுதும் ‘ஒத்த நிறம்’ என்பதோ முற்றிலும் வேறான உறவைச் சொல்வது. அதைத் தவிர்ப்பதே நல்லது.

இந்த நிரப்பலைக் கண்ணாலேயே காணலாம். அழுத்தமான சிவப்புத் துணி ஒன்றை அரை நிமிடம் இமைக்காமல் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். நீலம் கலந்த ஒரு வெளிர்பச்சை அங்கே மிதக்கும். சிவப்பை உணரும் செல்கள் சோர்ந்துவிட, வெண்மையில் எஞ்சிய பகுதி மட்டும் கண்ணுக்குத் தெரிவதே இதற்குக் காரணம். நிரப்பு நிறங்கள் அருகருகே இருக்கும்போது ஒன்றையொன்று தூக்கிக் காட்டுவதும் இதனோடு தொடர்புடையதே. பாரிஸின் கோபலான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளர், கறுப்புச் சாயம் மங்கலாக இருக்கிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்யப்பட்ட நிறத்தில்தான் இருக்கிறது என்று கண்டார். அந்த ஆய்வின் விரிவான நூல் 1839-இல் வெளிவந்தது.

இங்கே ஒரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். ஓவியர்களின் சக்கரம் சிவப்பு, மஞ்சள், நீலம் என்ற மூன்றையும் அடிப்படையாகக் கொண்டது. அதில் நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. கைபேசித் திரையில் காணும் சக்கரமோ ஒளியை அடிப்படையாகக் கொண்டது என்பதால், அங்கே நீலத்துக்கு எதிரே மஞ்சள் இருக்கும். உடைக்கு எதைப் பின்பற்றுவது என்று மலைக்க வேண்டியதில்லை. பெரும்பாலான துணிகள் தூய நிறத்தில் வருவதில்லை.

கருநீல பேன்ட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கருநீலம் என்பது இருள் கூடிய நீலம், ஆகவே அதன் இடம் சக்கரத்தின் நீலக் கட்டம். எதிரே ஆரஞ்சு இருக்கிறது என்பதற்காகப் பளீரென்ற ஆரஞ்சுச் சட்டையைத் தேடி ஓடத் தேவையில்லை. பழுப்பு என்று நாம் தனி நிறமாகக் கருதுவது உண்மையில் இருண்ட ஆரஞ்சுதான். செங்கல் நிறமும் துரு நிறமும் அதே குடும்பம். காக்கியும் வெளிர்பழுப்பும் ஆரஞ்சுக்கும் மஞ்சளுக்கும் இடைப்பட்டவை, ஆகையால் எந்தச் சக்கரத்தைப் பார்த்தாலும் அவை நீலத்தின் எதிர்ப்புறத்திலேயே நிற்கின்றன. கருநீலத்தோடு பழுப்புப் பெல்ட்டும் காலணியும் எடுப்பாக இருப்பதன் காரணம் இதுவே. அளவைப் பொறுத்தவரை, கருநீலம் பெரும்பகுதியாகவும், துரு நிறம் ஒரு பை அல்லது கழுத்துத்துணி அளவிலும் இருந்தால் போதும். நடுவே வரும் சட்டை வெள்ளையாகவோ சாம்பலாகவோ இருக்கலாம். அந்த இரண்டுக்கும் கறுப்புக்கும் சக்கரத்தில் இடமே இல்லை என்பதால் அவை எந்த உறவையும் கலைப்பதில்லை.

நிரப்பு நிறங்களில் தவறு நேரும் இடங்கள் இரண்டு. ஒன்று, இரண்டும் சம அளவிலும், சம அழுத்தத்திலும், சம வெளிச்சத்திலும் வருவது. அழுத்தமான சிவப்புச் சட்டையும் அதே அழுத்தமுள்ள பச்சை பேன்ட்டும் சந்திக்கும் விளிம்பு கண்ணுக்கு அதிர்வது போலத் தோன்றும். கைபேசியில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்த்தால், இரண்டு துணிகளும் ஒரே சாம்பலாக விழுவதைக் காணலாம். ஒன்றை மெரூன் அளவுக்கு இருட்டாக்கினாலோ, மற்றொன்றை வெளிர்பச்சையாக்கினாலோ அந்த அதிர்வு அடங்கிவிடும். தவறு நேரும் இரண்டாவது இடம், நுண்ணிய கட்டம் போட்ட துணி. நீல இழையும் ஆரஞ்சு இழையும் மிக நெருக்கமாக ஊடும் பாவுமாக வந்தால், கையில் பிடித்துப் பார்க்கும்போது அழகாக இருக்கும். நான்கு அடி தள்ளி நின்றால் இரண்டும் கண்ணில் கலந்து மங்கிய சாம்பலாகிவிடும். நிரப்பு நிறங்கள் கலந்தால் நிறம் அழியும் என்ற அதே விதி இங்கே நமக்கு எதிராக வேலை செய்கிறது.

நிறப் பொருத்தத்தில் வழங்கும் இன்னொரு சொல் ‘அனலாகஸ்’. அதன் கிரேக்க மூலத்துக்கு ‘விகிதத்துக்கு ஏற்ப அமைந்தது’ என்று பொருள். நிறங்களைப் பேசும்போது அது சக்கரத்தில் அடுத்தடுத்து உள்ள இரண்டு மூன்று நிறங்களைக் குறிக்கிறது. ‘அண்டை நிறங்கள்’ என்றால் உடனே புரியும். நம் கருநீல பேன்ட்டுக்கு நீலப்பச்சையும் நீலவூதாவும் அண்டை நிறங்கள். இதில் மோதல் வராது. வரும் குறை வேறு. இரண்டு துணிகளும் நிறத்தாலும் இருளாலும் மிக நெருங்கிவிட்டால், ஒரே நிறத்தில் எடுக்க முயன்று தவறியது போல் தெரியும். ஒன்று இருண்டும் மற்றொன்று தெளிவாக வெளிறியும் இருந்தால் அந்த ஐயம் எழாது. கடையின் விளக்கொளியில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு நீலங்கள் பகலொளியில் பிரிந்து நிற்பதும் உண்டு என்பதால், சன்னலருகே வைத்துப் பார்த்து முடிவு செய்வது நல்லது.

‘ட்ரையாடிக்’ என்பது மூன்று என்ற எண்ணிலிருந்து வந்த சொல். சக்கரத்தில் சம தூரத்தில் நிற்கும் மூன்று நிறங்களை இணைத்தால் சமபக்க முக்கோணம் அமைவதால், ‘முக்கோண நிறங்கள்’ என்பதை நான் விரும்புவேன். ‘மும்மை நிறங்கள்’ என்றாலும் பிழையில்லை. ஓவியர் சக்கரத்தில் நீலம், சிவப்பு, மஞ்சள் அப்படி ஒரு கூட்டணி. மூன்றையும் தூய நிறத்தில் அணிந்தால் உடை விளையாட்டுப் பொம்மை போலாகிவிடும். அதே மூன்றையும் கருநீல பேன்ட், மங்கிய மெரூன் சட்டை, கடுகு மஞ்சளில் ஒரு மெல்லிய கோடு மட்டும் ஓடும் கழுத்துத்துணி என்று இறக்கிக்கொண்டால், முக்கோணம் அப்படியே இருக்கும், கூச்சல் இருக்காது.