தோற்றதும் தீர்மானமா? மினிட்ஸில் சம ஓட்டும் காஸ்டிங் ஓட்டும்

கூட்டத்தில் ஒருவர் எழுந்து முன்வைப்பதையும் தீர்மானம் என்கிறோம், ஓட்டெடுப்பில் வென்று நிற்பதையும் தீர்மானம் என்கிறோம். பேச்சில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது. மினிட்ஸ் புத்தகத்தில் கெடும். “தீர்மானம் எண் 7: தண்ணீர் லாரி சப்ளையரை மாற்றுவது. விவாதிக்கப்பட்டது. வாக்கெடுப்பு நடந்தது” என்று ஒரு பதிவு இருந்தால், ஆறு மாதம் கழித்துப் படிப்பவர் அது நிறைவேறியது என்றுதான் எடுத்துக்கொள்வார். எண் போட்டிருக்கிறதே!

அதனால் நான் செயலாளராக இருந்த காலத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஓட்டுக்கு விடும்வரை அது முன்மொழிவு. வென்ற பிறகுதான் தீர்மானம், அப்போதுதான் தீர்மான எண். தோற்ற முன்மொழிவும் புத்தகத்தில் முழுசாக ஏறும், ஆனால் அதற்குத் தீர்மான எண் கிடையாது.

இங்கே பேசப்போவது சென்னையின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களைப் பற்றி. இவற்றில் பல 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானவை. ஓட்டு சமமாக நின்றால் முடிவைத் தீர்க்கத் தலைவர் போடும் ஓட்டுதான் காஸ்டிங் ஓட்டு. அது உண்டா, யாருக்கு, எப்போது என்பதற்கு முதலில் பார்க்க வேண்டியது உங்கள் சங்கம் பதிவு செய்த துணை விதிகளை, அதாவது பைலாவை. அதில் ஒரு வரியும் இல்லை என்றால், தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாலேயே இரண்டாவது ஓட்டு வந்துவிடாது.

ஒரு கற்பனைக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். வேளச்சேரிப் பக்கம் ஒரு குடியிருப்பு, நிர்வாகக் குழுவில் 9 பேர். மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை காலை, 8 பேர் வந்திருக்கிறார்கள். கூட்டம் செல்லத் தேவையான எண்ணிக்கை, அதாவது கோரம், இருக்கிறது. இப்போதைய தண்ணீர் லாரிக்காரரின் ஒப்பந்தம் மார்ச் 31 அன்று முடிகிறது, கோடை வாசலில் நிற்கிறது.

முதல் முன்மொழிவு: பழைய சப்ளையரின் ஒப்பந்தத்தை இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பிப்பது. ஆதரவு 3, எதிர்ப்பு 5. தோற்றது. சரி, இதை எப்படி எழுதுவது? அடிக்கடி கண்ணில் படும் வாசகம் இது: “பழைய சப்ளையரைத் தொடர வேண்டாம் எனத் தீர்மானிக்கப்பட்டது.” பார்க்க ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் அந்தக் கூட்டத்தில் யாரும் அப்படி முன்மொழியவில்லை, அதன்மேல் யாரும் ஓட்டுப் போடவும் இல்லை. எதிர்த்த 5 பேரில் இருவருக்கு ஓராண்டு என்பது மட்டும் பிடிக்காமல் இருந்திருக்கலாம், மூன்று மாதம் என்றால் சம்மதித்திருப்பார்கள். முன்மொழிவு தோற்றால் அந்த ஒன்று நடக்கவில்லை என்று மட்டுமே பொருள். அதன் எதிர்மறை தானாக முடிவாகிவிடாது.

தப்பாக எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். புத்தகத்தைப் படித்த மேனேஜர் சப்ளையருக்குப் போன் போட்டு “நாளையிலிருந்து வர வேண்டாம், கமிட்டி முடிவு பண்ணிட்டாங்க” என்கிறார். ஒப்பந்தமோ 31 வரை உயிரோடு இருக்கிறது. அவர் மீதி நாள் பணத்தைக் கேட்டால் சங்கம் பதில் சொல்ல முடியாது. அதே கூட்டத்தில் பிறகு யாராவது “மூன்று மாதத்துக்கு மட்டும் நீட்டிப்போம்” என்று முன்மொழிந்து அது நிறைவேறினால், மேலே ‘வேண்டாம்’, கீழே ‘நீட்டிப்பு’ என்று புத்தகம் தன்னோடு தானே சண்டை போடும்.

சரியான பதிவு இப்படி இருந்தால் போதும்: “முன்மொழிவு 1: இப்போதைய சப்ளையருடனான ஒப்பந்தத்தை ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்குப் புதுப்பிப்பது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள். ஆதரவு 3, எதிர்ப்பு 5. முன்மொழிவு நிறைவேறவில்லை.” அதற்குமேல் ஒரு வரி சேர்க்கலாம் என்றால் அது உண்மை நிலவரமாக இருக்கட்டும்: “தற்போதைய ஒப்பந்தம் மார்ச் 31 வரை நடப்பில் உள்ளது.” காரணங்கள், யார் குரலை உயர்த்தினார், யார் பாதியில் எழுந்தார் என்பதெல்லாம் வேண்டாம்.

இரண்டாவது முன்மொழிவுதான் விவகாரம். குறைந்த விலைப்புள்ளி தந்த புதிய சப்ளையருக்கு ஓராண்டு ஒப்பந்தம் கொடுப்பது. கை தூக்கச் சொன்னால் 4க்கு 4. தலைவர் ஆதரவுப் பக்கம் கை தூக்கியிருக்கிறார்.

இந்த இடத்தில் பைலாவில் காஸ்டிங் ஓட்டு இல்லை என்றால் கதை இங்கேயே முடிந்தது. ஆதரவு, எதிர்ப்பைத் தாண்டவில்லை, ஆகவே நிறைவேறவில்லை. “முடிவு எட்டப்படவில்லை”, “நிலுவையில் உள்ளது” என்று எழுதக்கூடாது. சம ஓட்டு என்பது தோல்விதான். வேண்டுமானால் அடுத்த கூட்டத்தில் யாராவது புதிதாகக் கொண்டுவரலாம்.

காஸ்டிங் ஓட்டு இருக்கிறது என்றால் பைலாவின் வாசகத்தைச் சொல் சொல்லாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் இரண்டு மாதிரி உண்டு. ஒன்று சட்டமன்ற மாதிரி. அரசியலமைப்பின் 189ஆவது பிரிவுப்படி, கோட்டையில் உட்கார்ந்திருக்கும் சபாநாயகர் முதலில் ஓட்டுப் போடவே மாட்டார், சமமானால் மட்டும் போடுவார். நாடாளுமன்றத்துக்கு 100ஆவது பிரிவும் இதையே சொல்கிறது. மற்றது கம்பெனி மாதிரி. 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் மாதிரி விதிகளில் இயக்குநர் குழுத் தலைவருக்கு “இரண்டாவது அல்லது காஸ்டிங் ஓட்டு” உண்டு. அதாவது எல்லோரையும்போல ஒரு ஓட்டு, சமமானால் இன்னொன்று. உங்கள் பைலா முதல் மாதிரி, தலைவரோ ஏற்கெனவே கை தூக்கிவிட்டார் என்றால், அந்த 4க்கு 4 கணக்கே தவறு. அவர் கையைக் கழித்தால் 3க்கு 4, சமமே இல்லை. இதை ஓட்டெண்ணும்போதே பிடிக்க வேண்டும். பிறகு பிடிப்பவர் தோற்ற பக்கத்துக்காரராகத்தான் இருப்பார்.

நம் கற்பனைச் சங்கத்தின் பைலா இரண்டாவது மாதிரி என்று வைத்துக்கொள்வோம். தலைவர் மறுபடி ஆதரவாகவே போடுகிறார். இப்போது மினிட்ஸில் “5க்கு 4 என நிறைவேறியது” என்று மட்டும் எழுதினால், வருகைப் பட்டியலில் இருப்பது 8 கையெழுத்து, ஓட்டோ 9. எண்ணிப் பார்ப்பவருக்கு இது கள்ள ஓட்டு மாதிரித் தெரியும். அதனால் இரண்டு படியையும் பிரித்து எழுத வேண்டும்:

“முன்மொழிவு 2: ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்குத் தண்ணீர் லாரி சப்ளையைக் குறைந்த விலைப்புள்ளி அளித்தவருக்கு வழங்குவது. கைதூக்கி வாக்கெடுப்பு. வந்திருந்தோர் 8. ஆதரவு 4 (தலைவர் உட்பட). எதிர்ப்பு 4. ஓட்டளிக்காதோர் இல்லை. ஓட்டுகள் சமம் எனத் தலைவர் அறிவித்தார். துணை விதி 17இன்படி தமது காஸ்டிங் ஓட்டை ஆதரவாக அளித்தார். காஸ்டிங் ஓட்டையும் சேர்த்து ஆதரவு 5, எதிர்ப்பு 4. முன்மொழிவு நிறைவேறியது என அறிவிக்கப்பட்டது. தீர்மானம் எண் 41.”

விதி எண்ணை எழுதுவது இதில் முக்கியம் (17 என்பது இங்கே உதாரணத்துக்கு). நாளைக்கு உறுப்பினர்கள் மாவட்டப் பதிவாளரிடம் புகார் கொண்டுபோனால், அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி “எந்த அதிகாரத்தில்?” என்பதாகத்தான் இருக்கும். அன்று தலைவர் வரவில்லை, துணைத் தலைவர் கூட்டத்தை நடத்தினார் என்றால் இன்னும் கவனம் தேவை. பைலா “கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவர்” என்கிறதா, “சங்கத் தலைவர்” என்கிறதா? முதலாவது என்றால் துணைத் தலைவருக்கும் அந்த ஓட்டு உண்டு. இரண்டாவது என்றால் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட நாளில் நான் அந்த ஓட்டை நம்பி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடமாட்டேன்.

தலைவர் எதிராகப் போட நினைத்தால் காஸ்டிங் ஓட்டே தேவையில்லை, சமத்திலேயே அது தோற்றுவிட்டது. “காஸ்டிங் ஓட்டைப் பயன்படுத்தவில்லை, முன்மொழிவு நிறைவேறவில்லை” என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்த வரியைக் கட்டாயம் எழுதுங்கள். ஏன் என்றால், நான் நேரில் பார்த்த ஒரு சங்கத்தில் (பெயர் வேண்டாம்) கூட்டம் சமத்தில் முடிந்து எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கலைந்தார்கள். மறுநாள் காலை 7 மணிக்குத் தலைவர் வாட்ஸ்அப் குழுவில் “என்னுடைய காஸ்டிங் ஓட்டு எஸ் பக்கம்” என்று போட்டார். அது ஓட்டே இல்லை. கூட்டம் முடிந்தபோதே முடிவும் ஆகிவிட்டது. காஸ்டிங் ஓட்டு அதே கூட்டத்தில், சமம் என்று அறிவித்த கையோடு, எல்லோர் காதிலும் விழும்படி போடப்பட வேண்டியது. அந்த மெசேஜை வைத்து மினிட்ஸ் திருத்தினார்கள். அப்புறம் ஒரு வருஷம் சண்டை.

ஓட்டளிக்காதவர் கணக்கும் ஒரு பொறி. 8 பேரில் 4 ஆதரவு, 3 எதிர்ப்பு, ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். “ஓட்டளித்தவர்களில் பெரும்பான்மை” என்று பைலா சொன்னால் நிறைவேறியது. “வந்திருந்தவர்களில் பெரும்பான்மை” என்று சொன்னால் 5 வேண்டும், தோற்றது. இரண்டு வழியிலும் இது சமம் இல்லை, அதனால் காஸ்டிங் ஓட்டு எழும்பவே எழும்பாது. அந்த ஒருவரை ஓட்டளிக்காதவர் என்று தனியாக எழுதாவிட்டால் இந்தக் கணக்கைப் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது. அதேபோல முக்கால் பங்கு ஆதரவு கேட்கும் விஷயங்களில் காஸ்டிங் ஓட்டு பேச்சுக்கே வராது. பாதிக்குப் பாதி நிற்கும் ஒன்றை ஒரு ஓட்டு அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது.

தவறாக எழுதிவிட்டோம் என்று பிறகு தெரிந்தால் ஒயிட்னர் போடாதீர்கள், பக்கத்தைக் கிழித்து ஒட்டாதீர்கள். அடுத்த கூட்டத்தில் முந்தைய மினிட்ஸை உறுதிசெய்யும்போது திருத்தத்தை அங்கேயே எழுதுங்கள்: “சென்ற கூட்டத்தின் முன்மொழிவு 1இல் ‘தொடர வேண்டாம் எனத் தீர்மானிக்கப்பட்டது’ என்பதற்குப் பதில் ‘முன்மொழிவு நிறைவேறவில்லை’ என்று படிக்கவும்.” பழைய பக்க ஓரத்தில் இந்தத் திருத்தத்தின் தேதியும் பக்க எண்ணும், தலைவரின் கையெழுத்தும். உறுதிசெய்வது என்றால், நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறதா என்று பார்ப்பது மட்டும்தான். அன்று வராத ஒன்பதாவது ஆள் இன்று வந்து “நான் இருந்திருந்தால் எதிர்த்திருப்பேன்” என்றால், அதை ஒரு புதிய முன்மொழிவாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய 5க்கு 4 அப்படியே இருக்கும்.