‘அவர்கள் திருடர்கள் அல்ல’: சிவப்பு மை ஊற்றுமுன் தரவகத்தில் தேடிப் பார்ப்போம்

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடிப் பக்கத்துத் தமிழாசிரியர்களுக்கு விடைத்தாள் திருத்தம் பற்றிப் பயிற்சி நடத்தும்போதெல்லாம் ஒரு சண்டை தவறாமல் வரும். கட்டுரையில் ஒரு பிள்ளை ‘அவர்கள் திருடர்கள் அல்ல’ என்று எழுதியிருக்கிறது. ஒருவர் அரை மதிப்பெண் குறைக்கிறார், இன்னொருவர் கண்டுகொள்ளாமல் விடுகிறார். குறைத்தவர் கையில் விதி இருக்கிறது: நான் அல்லேன், நீ அல்லை, அவன் அல்லன், அவள் அல்லள், அவர் அல்லர், அது அன்று, அவை அல்ல. ‘அல்ல’ பலவின்பாலுக்கு மட்டுமே உரியது. விட்டவரோ, “இப்ப யாரு சார் அப்படி எழுதுறாங்க?” என்கிறார்.

‘யார் எழுதுகிறார்கள்’ என்பது தேடிப் பார்த்து விடை காணக்கூடிய கேள்வி. கார்பஸ் என்று சொல்லும் தரவகம் அதற்குத்தான். பலர் எழுதிய உரைகளை ஒரு கோப்பாகச் சேர்த்து, ஒரு சொல் வரும் இடங்களையெல்லாம் முன்பின் சொற்களோடு வரிசையாக எடுத்துப் படிப்பதே வேலை. உரைகளைத் தேடி அலையவும் வேண்டாம். தமிழ் விக்கிப்பீடியா இருக்கிறது, பழைய நூல்களுக்கு மதுரைத் திட்டம் இருக்கிறது. ஜெர்மனியின் லைப்சிக் பல்கலைக்கழகம் செய்தித்தளங்களிலிருந்து திரட்டிய தமிழ் வாக்கியங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளத் தருகிறது. AntConc என்ற இலவச மென்பொருளில் இவற்றைத் திறக்கலாம்.

திறந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. அந்த மென்பொருளின் Token Definition அமைப்பில் Letter மட்டும் இருந்தால் தமிழ் சிதறிப்போகும். ஒருங்குறியில் நம் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் சேராமல் Mark என்ற வேறு வகையில் இருக்கின்றன. அதனால் ‘எளிதல்ல’ என்ற ஒரே சொல் ‘எள’, ‘தல’, ‘ல’ என்று மூன்று துண்டாகிவிடும். சொல் பட்டியலின் உச்சியில் குறியில்லாத ஒற்றை எழுத்துகள் வரிசை கட்டி நின்றால் இதுதான் காரணம். Mark-ஐயும் சேர்த்துவிட்டால் சரியாகிவிடும்.

அடுத்து, ‘அல்ல’ எத்தனை, ‘அன்று’ எத்தனை என்று எண்ணி ஒப்பிடத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். அந்த எண்ணிக்கை எதற்கும் உதவாது. ‘அன்று மாலை மேட்டூர் அணை திறந்தார்கள்’ என்பதில் வரும் ‘அன்று’ நாளைக் குறிப்பது, நமக்கு வேண்டியதில்லை. செய்தி நடையில் அந்த ‘அன்று’தான் பெரும்பாலும் வரும். ‘அல்ல’ என்று தேடினால் ‘அல்லது’, ‘அல்லாமல்’, ‘அல்லவா’ எல்லாம் கூடவே வந்து விழும். ‘நீ நேற்றே வந்தாய் அல்லவா’ என்பதில் ‘அல்லவா’ இறுகிப்போன ஒரு கேள்விச்சொல். எவ்வளவு கறாரான இலக்கணக்காரரும் அங்கே ‘அல்லையா’ போடமாட்டார்.

அதனால் நாங்கள் முதலில் எடுப்பது ஒரு குறுகிய இணை: எளிதல்ல, எளிதன்று. இரண்டுக்கும் பொருள் ஒன்று, இடம் ஒன்று. சேர்த்து எழுதியிருப்பதால் நாளைக் குறிக்கும் ‘அன்று’ நடுவில் புகவும் முடியாது. கணினி தெரிந்த ஆசிரியர் இப்படி ஒரு வரியில் எடுத்துவிடலாம்:

```
grep -oE 'எளித(ல்ல|ன்று)' delta.txt | sort | uniq -c
```

இதில் ‘எளிதல்லவா’, ‘எளிதல்லாத’ போன்றவையும் ‘எளிதல்ல’ என்றே எண்ணப்பட்டுவிடும், அவற்றைத் தனியே தேடி எண்ணிக் கழித்துவிடுங்கள். செய்தி உரைகளில் ‘எளிதல்ல’ மேலோங்கியிருப்பதைப் பார்ப்பீர்கள். ‘எளிதன்று’ வருவது பெரும்பாலும் புலவர்கள், பேராசிரியர்கள் எழுதிய கட்டுரைகளில்.

உயர்திணைக்கு இந்தக் குறுக்குவழி கிடையாது. ‘அவன் திருடன் அல்ல’, ‘நான் திருடன் அல்ல’ இரண்டிலும் ‘அல்ல’வுக்கு முன்னால் நிற்பது ‘திருடன்’தான். எழுவாய் தன்மையா படர்க்கையா என்று தெரிய வரி முழுவதையும் படித்தாக வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு நூறு வரிகளை எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள்: எழுவாய், திணை-பால், எழுதியிருக்கும் வடிவம், உரையின் வகை. லைப்சிக் கோப்பில் வாக்கியங்கள் கலைத்துப் போடப்பட்டிருக்கும். எழுவாயை முந்தைய வாக்கியத்திலேயே சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம் என்பதால், பல வரிகளுக்கு எழுவாய் தெரியாது. அவற்றை ஊகிக்காமல் ஒதுக்கி வையுங்கள். ‘இது எனக்கு அல்ல, உனக்கு’ போன்றவையும் தனி. அங்கே மறுப்பது எழுவாய் இன்னார் என்பதையல்ல, ஒரு வேற்றுமைச் சொல்லை. அதைப் பால் கணக்கில் சேர்த்தால் ‘அல்ல’வின் பங்கு வீணாக ஊதிப்போகும்.

இன்னொரு குழி ‘அல்லேன்’. இணைய உரையில் தேடினால் கொஞ்சம் கிடைக்கத்தான் செய்யும், விதிக்கட்சிக்காரருக்கு முகம் மலரும். ஆனால் வரிகளைத் திறந்து படித்தால் பலவற்றில் ‘நான் அல்லேன், நீ அல்லை’ என்று வாய்பாடே நிற்கும். அவை இலக்கணம் கற்பிக்கும் பக்கங்கள். இன்னும் சில செய்யுளும் உரையும். தன் பேச்சாக, தன் தேவைக்காக இன்று ‘நான் குற்றவாளி அல்லேன்’ என்று எழுதியவர் எத்தனை பேர் என்று தனியாகப் பார்க்க வேண்டும். ஒரே செய்தி பல தளங்களில் அப்படியே நகலாகியிருப்பதும் இதே போன்ற பொய்க்கூட்டம்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அடியுங்கள்.

இவ்வளவும் எழுத்து. பேச்சுக்கு நம் வகுப்பறையே தரவகம். பெற்றோர் அனுமதியோடு பிள்ளைகளைக் கதை சொல்லவிட்டுப் பதிவு செய்து, சொன்னது சொன்னபடி எழுதுங்கள், திருத்தாதீர்கள். டெல்டா ஊர்களில் இப்படி எழுதியபோது ‘அல்ல’வே அரிதாக இருந்தது. ‘அது எங்க மாடு இல்ல’, ‘அவரு வாத்தியாரு இல்ல’ என்று எல்லாவற்றையும் ‘இல்ல’ எடுத்துக்கொண்டுவிட்டது. ஆகவே ‘அவர்கள் திருடர்கள் அல்ல’ என்று எழுதும் பிள்ளை பேச்சை அப்படியே இறக்கிவைக்கவில்லை. எழுத்துநடைக்கு வர முயன்று, அச்சில் அதிகம் பார்க்கும் வடிவத்தை எடுத்திருக்கிறது.

விதிக்கட்சிக்காரர்களிடம் நான் காட்டுவது நன்னூலைத்தான். ‘வேறு இல்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன’ என்கிறார் பவணந்தி. இலேன், இலன், இலர் என்று பிரிந்து நின்ற குடும்பத்தில் ‘இல்லை’ ஒன்றே ஐம்பாலுக்கும் மூவிடத்துக்கும் பொதுவாகிவிட்டதை அவர் கண்டு சூத்திரமே எழுதிவிட்டார். அவர் காலம் 13ஆம் நூற்றாண்டு. அன்றைக்கு ‘இல்லை’ போன வழியில்தான் இன்றைக்கு ‘அல்ல’ போய்க்கொண்டிருக்கிறது என்பது என் துணிபு.

எங்கள் குழுக்களில் பெரும்பாலும் முடிவாவது இது. வினாவே ஒருமை-பன்மை, பால் பிழை திருத்தச் சொன்னால் வாய்பாட்டின்படி மதிப்பிடுவது. கட்டுரையில், கடிதத்தில் ‘அல்ல’வுக்கு மதிப்பெண் குறைக்காமல் ஓரத்தில் ‘அல்லர்’ என்று எழுதிக்காட்டுவது. “அல்லேனை விட்டுடலாம், அல்லரை மட்டும் விடமாட்டேன்” என்று யாராவது ஒரு மூத்த ஆசிரியர் மல்லுக்கு நிற்பார். நூறு வரிகளை எழுதிவைத்த அந்தத் தாள்களைப் பார்த்தால் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாய்பாட்டில் உயர்திணைக்குச் சொல்லப்பட்ட வடிவங்களில், கவனமாக எழுதப்பட்ட உரைநடையில் இன்னும் மூச்சோடு இருப்பது ‘அல்லர்’ ஒன்றுதான்.